இரண்டு தொட்டிகள், ஒரு கர்டர்

ஒரு வீட்டு மொட்டைமாடி. கான்கிரீட் தளத்தை இரும்பு கர்டர்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் நேர் மேலே, ஆளுக்கு 2,000 லிட்டர் கொள்ளும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். ஒன்று கர்டரின் சரி நடுவில். மற்றது ஒரு சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. மோட்டார் போட்டால் தொட்டிகள் நிரம்புகின்றன, மாலைக்குள் பாதி காலியாகின்றன. கர்டரும் தினந்தோறும் சில மில்லிமீட்டர் தாழ்ந்து, திரும்ப எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவை, ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். கட்டடப் பொறியாளர்கள் அதற்குக் கையாளும் வழியின் பெயர் மேற்பொருந்தல்.

கர்டரின் மேல் இருப்பது ஒரு சுமை அல்ல, மூன்று. தளத்தின் எடை அதன் முழு நீளத்திலும் சீராகப் பரவியிருக்கிறது. தொட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு இடத்தில் அழுத்துகின்றன. மூன்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்துத் தீர்க்கப் போனால், ஒவ்வொரு சுமைக்கும் முன்னும் பின்னும் கர்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து, தொகையீடு செய்து, துண்டுகள் சேரும் இடங்களில் எல்லாம் பொருத்திப் பார்க்க வேண்டும். தவறு நேர இடம் அதிகம். மேற்பொருந்தல் வேறு வழியில் போகிறது. முதலில் தளத்தின் எடை மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டு தொய்வைக் காண வேண்டும். பிறகு நடுத்தொட்டி மட்டும். பிறகு ஓரத்தொட்டி மட்டும். கடைசியில் மூன்றையும் கூட்டினால் போதும்.

இப்படிக் கூட்டலாம் என்ற உரிமை எங்கிருந்து வருகிறது? ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட சுருள்வில் பற்றிய நூலில் அதன் வேர் இருக்கிறது. விசையை இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கிறது என்றார் அவர். கர்டரும் அப்படித்தான் நடந்துகொள்கிறது: இரண்டு டன்னுக்கு ஐந்து மில்லிமீட்டர் தொய்ந்தால் நான்கு டன்னுக்குப் பத்து. ஏற்கெனவே ஒரு சுமை இருப்பதால் அடுத்த சுமைக்கு அது கூடுதலாகவோ குறைவாகவோ வளைவதில்லை. ஒவ்வொரு சுமையும், மற்றவை அங்கே இல்லாதது போலவே, தன் பங்கு வளைவை உண்டாக்குகிறது.

தனித்தனிச் சுமைகளுக்கான விடைகள் ஏற்கெனவே அட்டவணைகளாகத் தொகுக்கப்பட்டு, பொறியியல் பாடநூல்களின் பின்பக்கங்களில் இருக்கின்றன. இருபுறமும் சுவரில் சும்மா அமர்ந்திருக்கும் உத்திரம், ஒருபுறம் மட்டும் பதிக்கப்பட்ட உத்திரம், பரவு சுமை, புள்ளிச் சுமை என்று அவை அடிப்படை வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் கர்டருக்கு மூன்று சூத்திரங்கள் போதும். மூன்றும் கர்டரின் நடுப்புள்ளியில் ஏற்படும் தொய்வைத் தருபவை.

பரவு சுமை: 5wL⁴ / 384EI

நடுவில் புள்ளிச் சுமை: PL³ / 48EI

ஓரத்திலிருந்து b தூரத்தில் புள்ளிச் சுமை: Pb(3L² − 4b²) / 48EI

இதில் L என்பது தாங்கிகளுக்கு இடையிலான நீளம். இங்கே 6 மீட்டர். w என்பது மீட்டருக்கு எவ்வளவு சுமை என்பது. கர்டரின் சொந்த எடையும் சேர்த்து 10 கிலோநியூட்டன், அதாவது மீட்டருக்குச் சுமார் ஒரு டன். P என்பது ஒரு தொட்டி நீரின் எடை. 2,000 லிட்டர் நீர் இரண்டு டன். ஏறத்தாழ 20 கிலோநியூட்டன். தொட்டியின் எடை முழுவதும் இந்தக் கர்டரிலேயே இறங்குவதாகவும், வெறும் தொட்டியின் எடை பொருட்படுத்தத் தேவையில்லை என்றும் வைத்துக்கொள்வோம். b என்பது 1.5 மீட்டர்.

EI என்பது கர்டரின் விறைப்பு. E பொருளைப் பொறுத்தது, I குறுக்குவெட்டின் வடிவத்தைப் பொறுத்தது. கர்டர் 300 மில்லிமீட்டர் உயரமுள்ள ISMB 300 என்றால், I ஏறத்தாழ 8,600 செ.மீ.⁴. உருக்கின் E மதிப்பையும் பெருக்கினால் EI 17,200 கிலோநியூட்டன்-மீட்டர்² ஆகிறது. கணக்குப் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நீளத்தை மீட்டரிலும் I-ஐ செ.மீ.யிலும் வைத்துவிட்டால் விடை கோடிக்கணக்கில் தப்பும். எல்லாவற்றையும் கிலோநியூட்டனுக்கும் மீட்டருக்கும் மாற்றிக்கொண்ட பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும்.

இனி கணக்கு எளிது. தளத்தின் எடையால் நடுவில் 9.8 மில்லிமீட்டர் தொய்வு. நடுத்தொட்டியால் 5.2. ஓரத்தொட்டியால் 3.6. மொத்தம் 18.6 மில்லிமீட்டர்.

இந்தக் கூட்டுத்தொகையை விட அதன் உறுப்புகளே அதிகம் சொல்கின்றன. இரண்டு தொட்டிகளிலும் ஒரே அளவு நீர்தான். ஆனாலும் ஓரத்தில் இருப்பது நடுவில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் கர்டரைத் தொய்ய வைக்கிறது. நடுத்தொட்டியை மறு ஓரத்துக்கு, அந்தச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு நகர்த்தினால் அதன் பங்கும் 3.6 ஆகிவிடும். மொத்தத்தை மறுபடி போட வேண்டியதில்லை. ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும், 17.0 வந்துவிடும்.

நிலைச் சுமையையும் மாறும் சுமையையும் பிரித்துப் பார்க்கவும் இந்தப் பட்டியல் உதவுகிறது. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதித்தொகுப்பு IS 800:2007, தளங்களைத் தாங்கும் உத்திரங்களில் பயன்பாட்டுச் சுமையால் வரும் தொய்வுக்கு எல்லை வைக்கிறது. விரிசல் விடாத மேற்பூச்சு என்றால் நீளத்தில் 300இல் ஒரு பங்கு, விரிசல் விடக்கூடியது என்றால் 360இல் ஒரு பங்கு. ஆறு மீட்டருக்கு அவை 20, 16.7 மில்லிமீட்டர். நம் கர்டரில் நீரால் வருவது 5.2, 3.6 என்ற இரண்டு மட்டுமே, மொத்தம் 8.8. இரண்டு எல்லைகளுக்கும் உள்ளேதான் இருக்கிறது. மொத்தமாக 18.6 என்று மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

ஒரு நுணுக்கம். கூட்டும்போது எல்லாத் தொய்வும் ஒரே புள்ளிக்கு உரியதாக இருக்க வேண்டும். ஓரத்தொட்டி தனியாக இருக்கும்போது அதன் மிகப் பெரிய தொய்வு நடுவில் இல்லை. நடுவிலிருந்து 35 சென்டிமீட்டர் அந்தத் தொட்டிப் பக்கமாக இருக்கிறது. அட்டவணையில் அந்த உச்ச மதிப்புக்கும் ஒரு சூத்திரம் உண்டு. அதை எடுத்து மற்ற இரண்டின் நடு மதிப்போடு சேர்த்தால், வெவ்வேறு இடத்து அளவுகளைக் கூட்டியதாகிவிடும். இங்கே பிழை சிறியதுதான்: 3.60க்குப் பதில் 3.66. இருபுறமும் சும்மா அமர்ந்த உத்திரத்தில் புள்ளிச் சுமை எங்கே இருந்தாலும் உச்சத் தொய்வு நடுவை ஒட்டியே விழும் என்பதால் தப்பித்தோம். ஒருபுறம் மட்டும் பதித்த உத்திரத்தில் இப்படிக் கூட்டினால் தவறு பெரிதாகும். அங்கே உச்சம் நுனியில்தான் இருக்கும். சுமைக்கு நேர் கீழே உள்ள தொய்வை எடுத்துக் கூட்டிவிட்டால் நுனியின் தாழ்வு குறைவாகவே தெரியும்.

இன்னொன்று, சுமைக்கேற்ப வளைவு என்ற உறவு முறியும் இடத்தில் கூட்டலும் முறியும். நம் கர்டரின் நடுவில் மூன்று சுமைகளாலும் வரும் வளைப்பு அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 157 நியூட்டன். சாதாரண உருக்கு நிரந்தரமாக நெளியத் தொடங்குவது 250இல். எனவே கணக்கு செல்லும். கான்கிரீட் உத்திரம் அப்படியல்ல. அதன் அடிப்பகுதி விரிசல் விட்டதும் I குறைந்துவிடுகிறது. முதல் தொட்டி விரிசல் விட வைத்தால், இரண்டாவது தொட்டி வேறொரு உத்திரத்தின் மேல் அமர்வது போலத்தான். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் உண்மையான தொய்வைவிடக் குறைவாகவே வரும்.

கர்டர் தொய்வது கண்டு வீட்டுக்காரர் நடுவில் ஒரு தூணை முட்டுக் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூண் எவ்வளவு எடை தாங்கும்? இருபுறச் சுவர்களோடு மூன்றாவது தாங்கியும் சேர்ந்துவிட்டால், விசைகளின் சமநிலையை மட்டும் வைத்து இதற்கு விடை கிடைக்காது. இங்கும் அதே அட்டவணைதான் கை கொடுக்கிறது. தூணை ஒரு தாங்கியாகப் பார்க்காமல், நடுவில் மேல்நோக்கித் தள்ளும் இன்னொரு புள்ளிச் சுமையாகப் பார்த்தால் போதும். நடுவில் 20 கிலோநியூட்டன் கீழே அழுத்தினால் 5.2 மில்லிமீட்டர் தாழும் என்று நமக்குத் தெரியும். அதே விசை மேலே தள்ளினால் 5.2 எழும். 18.6 மில்லிமீட்டர் முழுவதையும் நிமிர்த்த எவ்வளவு தள்ள வேண்டும்? சுமார் 71 கிலோநியூட்டன். கர்டரின் மேல் இருப்பது மொத்தம் 100. அதில் 71 பங்கை அந்த ஒற்றைத் தூண் வாங்கிக்கொள்ளும். இரண்டு சுவர்களுக்கும் சேர்த்து மீதி 29தான்.

ஆனால் இந்த 71, கர்டரை ஜாக்கி வைத்து நேராக்கிய பிறகு தூணை நிறுத்தினால்தான். சும்மா கொண்டுவந்து நெருக்கிச் சொருகினால் கதை வேறு. தொட்டிகள் காலியாக இருக்கும் நாளில் தூணை வைத்தால், தளத்தின் எடையால் வந்த 9.8 மில்லிமீட்டர் தொய்வு ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். தூண் அதில் ஒரு கிராமையும் வாங்காது. பிறகு நிரம்பும் நீர் தரும் 8.8 மில்லிமீட்டரை மட்டுமே அது தடுக்கும். அதற்குத் தேவை சுமார் 34 கிலோநியூட்டன். தொட்டிகள் நிறைந்திருக்கும்போது சொருகினால் அந்த நேரத்தில் தூணின் பங்கு பூஜ்யம்.

ஜாக்கி வைப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. 71 கிலோநியூட்டன் மேலே தள்ளும்போது தூணுக்கு நேர் மேலே கர்டர் எதிர்ப்பக்கமாக வளைகிறது. இழுவிசை அடிப்பகுதியிலிருந்து மேற்பகுதிக்கு மாறுகிறது. உருக்கு கர்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பியை அடியில் மட்டும் போட்டுக் கட்டிய கான்கிரீட் உத்திரம் என்றால், அதே இடத்தில் மேற்புறம் விரிசல் விடும். பலப்படுத்த வைத்த தூணே விரிசலுக்குக் காரணமாகிவிடும்.

தூணுக்கு அடியில் இருக்கும் மண்ணும் இந்தக் கணக்கில் வருகிறது. காலித் தொட்டியோடு சொருகிய தூணின் அடித்தளம் 5 மில்லிமீட்டர் அமுங்கினால், தடுக்க வேண்டிய 8.8இல் எஞ்சுவது 3.8 மட்டுமே. தூண் தாங்குவது 34இலிருந்து சுமார் 15 கிலோநியூட்டனுக்கு இறங்கிவிடும். 9 மில்லிமீட்டர் அமுங்கினால், தொட்டிகள் இரண்டும் ததும்ப நிறைந்திருக்கும்போதும் தூணின் தலைக்கும் கர்டருக்கும் இடையில் ஒரு காகிதத்தைச் செருகி உருவ முடியும்.