1.2 என்று எழுதிக்கொள்ளும் 1.3

கைபேசியில் வங்கித் தளத்தைத் திறந்ததும் உலாவி முதலில் ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. எந்த முறையில் ரகசியமாகப் பேசலாம் என்று வங்கியின் சர்வரைக் கேட்கும் செய்தி அது. அதற்கான விதிகளை வகுப்பது டி.எல்.எஸ். என்ற நெறிமுறை. அதன் 1.3 பதிப்பைப் பயன்படுத்தும் உலாவியும், பதிப்பு எண்ணுக்கான பழைய இடத்தில் 1.2 என்றுதான் எழுதுகிறது. ஆவணமே அப்படிச் சொல்கிறது:

```
ProtocolVersion legacy_version = 0x0303;    /* TLS v1.2 */
```

இந்த வரி ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. 2014 ஏப்ரலில் முதல் வரைவு வந்தது. 2018 மார்ச்சில் வந்தது 28-வது வரைவு.

இந்த ஆவணங்களை உருவாக்குவது ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு. அதற்கு உறுப்பினர் அட்டை கிடையாது. மின்னஞ்சல் குழுவில் சேர்ந்து யாரும் வாதாடலாம். வரைவையும் யாரும் அனுப்பலாம். ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஒரு பணிக்குழு அதை ஏற்றுக்கொண்டால், அதன்பின் அது எழுதியவரின் சொத்து அல்ல. டி.எல்.எஸ். 1.3-இன் பதிப்பாசிரியர் எரிக் ரெஸ்கோர்லா. குழு முடிவு செய்ததை எழுதித் தருவதே அவருடைய வேலை.

முடிவெடுக்க ஓட்டெடுப்பு நடப்பதில்லை. கூட்டத்தில் தலைவர் கேள்வியை வைப்பார். ஆதரிப்பவர்கள் வாயை மூடியபடி 'ம்ம்ம்' என்று முனகுவார்கள், பிறகு எதிர்ப்பவர்கள். அது நாடி பார்க்கத்தான். எதிர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணத்துக்குத் தக்க பதில் கிடைத்ததா என்பதுதான் கணக்கு. 2016-இல் அமெரிக்க நிதி நிறுவனங்களின் அமைப்பு ஒன்று, நீக்கப்பட்டிருந்த பழைய சாவிப் பரிமாற்ற முறையைத் திரும்பச் சேர்க்கக் கேட்டது. தங்கள் தரவு மையத்துக்குள் ஓடும் போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்துக் கண்காணிக்க அது தேவை என்றது. ஆனால் சர்வரின் சாவி ஒருமுறை திருடுபோனால், முன்பே பதிவு செய்து வைத்த உரையாடல்களையெல்லாம் அதே சாவியால் திறந்துவிடலாம். குழு மறுத்தது. 2018 மார்ச்சில் லண்டனில் வேறு வடிவில் இந்தக் கோரிக்கை வந்தபோதும் ஒருமித்த கருத்து எழவில்லை. அது அதோடு நின்றது. பணபலத்துக்கு முன்னால் காரணம் நின்ற இந்த இடத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காரணத்துக்கு மசியாத எதிராளி வேறிடத்தில் இருந்தது: ஏற்கெனவே நிறுவப்பட்ட கருவிகள். உலாவி தனக்குத் தெரிந்த உச்சப் பதிப்பைச் சொல்ல, சர்வர் தன்னால் முடிந்ததைச் சொல்லிப் பதிலளிக்க வேண்டும் என்பது பழைய விதி. பல சர்வர்களோ தெரியாத எண்ணைப் பார்த்ததும் இணைப்பையே துண்டித்தன. ஆகவே பழைய இடத்தில் 1.2 என்ற எண்ணையே நிலையாக வைத்துவிட்டு, உண்மையான பதிப்புகளை supported_versions என்ற புதிய பகுதிக்கு மாற்றினார்கள். பிறகு உலாவிகளில் வரைவை ஓட்டிப் பார்த்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. அலுவலக வலையமைப்புகளில் நடுவே நின்று போக்குவரத்தைச் சோதிக்கும் பெட்டிகள், புதிய பதிப்பின் சாயல் பழகியதாக இல்லாததால் தடுத்தன. 2017 நவம்பரில் வந்த 22-வது வரைவு, உரையாடலின் தொடக்கத்தை 1.2 போலவே தோன்றச் செய்தது. பயனற்ற ஒரு செய்திகூட அதற்காக இடையில் அனுப்பப்படுகிறது.

இத்தனையும் 160 பக்க ஆவணத்தில் இருக்கிறது. எந்தப் புலம் எத்தனை பைட் என்ற வடிவம், எந்தச் செய்திக்குப் பின் எது வரலாம் என்ற வரிசை, பிழை நேர்ந்தால் செய்ய வேண்டியது ஆகியவை அதன் உடல். MUST என்று பெரிய எழுத்தில் இருந்தால் மீறவே கூடாது. SHOULD என்றால் தக்க காரணத்தோடு விலகலாம். MAY என்றால் விருப்பம். supported_versions-இல் தெரியாத எண் இருந்தால் சர்வர் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்பது MUST வகை. தாக்குபவர் என்ன செய்ய முடியும் என்று விவரிக்கும் பாதுகாப்புப் பகுதி கட்டாயம். புதிய எண்களைப் பதிவு செய்ய ஐயானா என்ற பதிவேட்டுக்கான அறிவுறுத்தலும் உண்டு.

பணிக்குழு முடித்ததும் பொதுமக்களின் கருத்துக்காகக் குறைந்தது இரண்டு வாரம் வைப்பார்கள். பிறகு ஐ.இ.எஸ்.ஜி. என்ற வழிகாட்டும் குழு படிக்கும். அதில் ஒருவர் 'இதைப் பேசித் தீர்க்க வேண்டும்' என்று குறித்தால் தீரும்வரை ஆவணம் நகராது. ஒப்புதலுக்குப் பின் மொழி திருத்தப்பட்டு, 2018 ஆகஸ்டில் RFC 8446 என்ற எண்ணில் வெளியானது. வெளியான RFC-ஐ யாரும் திருத்த முடியாது; மாற்ற வேண்டுமானால் புதிய எண்ணில் இன்னொன்று எழுத வேண்டும்.

தெரியாத எண்ணைக் கண்டு மிரளும் கருவிகளுக்கு 2020 ஜனவரியில் RFC 8701 வந்தது. உலாவி வேண்டுமென்றே 0x0A0A போன்ற பொருளற்ற எண்களைப் பட்டியலில் கலந்து அனுப்பலாம் என்கிறது அது. அவற்றைப் புறக்கணிக்காத சர்வர், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திராமல் இன்றைக்கே பழுதாகி, அதை நிறுவியவர் கண்ணில் பட்டுவிடும்.