‘விரிவாக எழுதவும்’ என்று எழுதினால் போதுமா?

மழைநீர் சேகரிப்பு பற்றி ப்ளஸ் ஒன் மாணவி ஒருத்தி இப்படி ஒரு பத்தி எழுதித் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “மழைநீர் சேகரிப்பு மிகவும் அவசியமானது. இதனால் நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. நீரின் உப்புத்தன்மை குறைகிறது. வெள்ளப் பாதிப்பும் தடுக்கப்படுகிறது. எனவே எல்லா வீடுகளிலும் இதை அமைக்க வேண்டும்.”

பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் படித்து முடித்ததும் கையில் எதுவும் நிற்பதில்லை. நடுவில் உள்ள மூன்று வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பத்தி அப்படியேதான் இருக்கும். விளக்கம் உள்ள பத்தியில் இது நடக்காது. அங்கே ஒரு வாக்கியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தது நிற்கும்.

நோட்டு திருத்துபவர்கள் இதற்கு வழக்கமாக ஓரத்தில் எழுதுவது ‘விரிவாக எழுதவும்’. நாற்பது நோட்டு காத்திருக்கும்போது கை தானாக அதைத்தான் எழுதும். ஆனால் மாணவி அதைப் படித்துவிட்டு என்ன செய்வாள்? ‘அவசியமானது’ என்பதோடு ‘இன்றியமையாதது’ என்று ஒன்றைச் சேர்ப்பாள், நீரைப் பற்றி ஒரு குறள் போடுவாள். பத்தி நீளும், விளக்கம் வராது. அமெரிக்கப் பேராசிரியை நான்சி சோமர்ஸ் 1982-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: ஆசிரியர்களின் குறிப்புகளில் பெரும்பாலானவை எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் பொருந்தக்கூடியவை. நம் குறிப்பை அடுத்த மாணவரின் நோட்டுக்கு மாற்றினாலும் சரியாக இருக்குமென்றால், அந்தக் குறிப்பு யாருக்கும் உதவாது.

அதனால் முதலில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டால் பிள்ளை மிரண்டுபோகும். படிப்பவருக்கு ‘அது எப்படி?’ என்று தோன்றும் வாக்கியம் எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது. நீர்மட்டம் உயர்வதை யாரும் மறுக்கப்போவதில்லை. உப்புத்தன்மை குறைவதுதான் புதிர். அதன் கீழே கோடிட்டு, “மழை பெய்தால் கிணற்று உப்பு எங்கே போகிறது? நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?” என்று கேட்கலாம்.

அடுத்த முறை அவள் இப்படி எழுதி வரக்கூடும்: “நீரின் உப்புத்தன்மை குறைகிறது. எங்கள் பாட்டி வீடு கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கிணற்று நீர் முன்பு கரிக்கும். மாடித் தண்ணீரைக் கிணற்றில் விட ஆரம்பித்த பிறகு அதில்தான் சமைக்கிறார்கள்.” நல்ல முன்னேற்றம். இங்கேயே ‘மிக நன்று’ போட்டு முடித்துவிடத் தோன்றும். ஆனால் உதாரணம் வந்திருக்கிறதே தவிர, காரணம் இன்னும் வரவில்லை. தற்செயலாக அப்படி ஆகியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் அவளிடம் பதிலில்லை. இந்த இடைவெளியைத்தான் ஸ்டீபன் டூல்மின் 1958-இல் வெளியிட்ட நூலில் பேசினார். சொல்லும் கூற்று ஒன்று, அதற்கான ஆதாரம் ஒன்று, இரண்டையும் இணைக்கும் நியாயம் ஒன்று. மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் எழுதாமல் விடுகிறோம். நமக்கே அது வெளிப்படையாகத் தெரிவதால் வரும் வினை.

ஆகவே இரண்டாவது குறிப்பு, “உள்ளே போன மழைநீர் அங்கே என்ன செய்தது?” இந்தக் கேள்விக்குப் பதிலை நாமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அப்படியே நகலெடுப்பாள். புவியியல் புத்தகத்தைப் புரட்டட்டும், அறிவியல் ஆசிரியரைக் கேட்கட்டும். கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு நன்னீரை இறைக்க இறைக்க, அடியிலிருந்து உப்புநீர் ஏறி வருகிறது. மழைநீர் உள்ளே போனால் நன்னீர் மறுபடி கனத்து, உப்பைக் கீழே தள்ளுகிறது. இந்த மூன்று வாக்கியங்களை அவளே எழுதிவிட்டால், பாட்டி வீட்டுக் கிணறு வெறும் கதையாக இல்லாமல் சான்றாகிவிடும். இப்போது வாக்கியங்களை இடம் மாற்ற முடியாது.

பத்தியும் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. மற்ற கூற்றுகளை என்ன செய்வது? நீர்மட்டத்துக்கு ஒரு வரி போதும். எல்லோரும் ஒப்புக்கொள்வதற்கு விளக்கம் கேட்பதும் தவறான திருத்தம்தான். வெள்ளத்தைப் பற்றிய வாக்கியத்தின் ஓரத்தில் மட்டும், “எவ்வளவு மழைக்கு?” என்று எழுதிப் பாருங்கள். சாதாரண மழையில் தெருவில் ஓடும் நீர் கொஞ்சம் குறையலாம். 2015 டிசம்பரில் சென்னையில் கொட்டியது போன்ற மழையை வீட்டுக்கு வீடு உறைகுழி வெட்டியும் தடுத்திருக்க முடியாது. விளக்க உட்கார்ந்தவள் ‘தடுக்கப்படுகிறது’ என்பதை அடித்துவிட்டு ‘ஓரளவு குறையலாம்’ என்று மாற்றுவாள், அல்லது அந்த வரியையே எடுத்துவிடுவாள்.