கையெழுத்துக்கு முந்தைய கெடு

“நடுவர் தீர்ப்பு நம் கட்சிக்காரர் கைக்கு வந்தது ஜூலை 7. மனு தாக்கல் செய்யக் கடைசி நாள் அக்டோபர் 7. நாம் தாக்கல் செய்யப்போவது செப்டம்பர் 24, புதன். பிழைதிருத்தம் முடிய வேண்டியது செப்டம்பர் 19, வெள்ளி மாலை 6 மணி. அதன்பின் என்னைக் கேட்காமல் ஒரு காற்புள்ளியும் மாறக் கூடாது.”

சென்னையில் வணிக வழக்குகளை நடத்தும் ஒரு சட்ட நிறுவனத்தின் பங்குதாரர், தன் குழுவுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு நாட்காட்டியை வைத்து நான் அமைத்த மாதிரி இது. கடைசி நாளுக்கு இன்னும் இரண்டரை வாரம் இருக்கும்போதே பிழைதிருத்தத்தை ஏன் முடிக்கச் சொல்கிறார் என்று இளம் வழக்கறிஞர்கள் முணுமுணுக்கலாம். காரணம் அந்தத் தேதிகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கடைசி நாள். இரு நிறுவனங்களின் தகராறில் நடுவர் சொன்ன தீர்ப்பை ரத்து செய்யக் கோருபவர், 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கையெழுத்திட்ட தீர்ப்பு நகல் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். மூன்று மாதம் என்பதைப் பலர் 90 நாள் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி எண்ணினால் நம் மாதிரியில் கெடு அக்டோபர் 5 ஆகிவிடும். ஆனால் மாதம் என்றால் நாட்காட்டி மாதம்தான் என்று 2010இல் இமாச்சலப் பிரதேச அரசுக்கும் இமாச்சல் டெக்னோ என்ஜினியர்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் அரசு அலுவலகம் மூடியிருந்த ஒரு சனிக்கிழமை தீர்ப்பு நகல் அங்கிருந்த கடைநிலை ஊழியரிடம் கொடுக்கப்பட்டது. அலுவலகம் திறந்த திங்கட்கிழமைதான் அது கிடைத்த நாள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நகல் யார் கையில், எந்த நாளில் சேர்ந்தது என்பதை வைத்தே வழக்கு பிழைக்கவோ மடியவோ முடியும். அதனால்தான் நம் பங்குதாரரின் செய்தி நகல் கிடைத்த தேதியோடு தொடங்குகிறது. அந்தத் தேதியைக் கூரியர் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் பொறுப்பு. அதை அவர் மூத்த உதவி வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறார்.

மூன்று மாதத்தைத் தவறவிட்டால், தக்க காரணம் காட்டி மேலும் 30 நாள் கேட்கலாம். அதற்கு மேல் ஒரு நாளைக்கூட மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மூன்று மாதத்தின் கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். கூடுதல் 30 நாளின் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அந்தச் சலுகை இல்லை என்பது 2012இலிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. எனவே பொறுப்புள்ள பங்குதாரர் யாரும் அந்த 30 நாளைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. அக்டோபர் 1, 2 ஆகிய நாட்களில் ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் வருவதால், தாக்கல் நாளை அவர் அதற்கு முந்தைய வாரத்துக்கே நகர்த்திவிட்டார்.

அப்படியானால் பிழைதிருத்தம் 23ஆம் தேதி இரவு வரை நடக்கலாமே? முடியாது. மனுவில் சொன்னவை உண்மை என்று கட்சிக்காரரின் சார்பில் நிறுவன இயக்குநர் ஒருவர் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அவர் படித்துப் பார்த்து உறுதி சொன்ன வாசகமும் நீதிமன்றத்துக்குப் போகும் வாசகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட பின் ஒரு பக்கத்தைத் திருத்தி உள்ளே செருகினால், அவர் பார்க்காத ஒன்றுக்கு அவர் சத்தியம் செய்ததாக ஆகிவிடும். எழுத்துரு, வரி இடைவெளி, பக்க அடியில் உள்ள கையெழுத்து ஆகியவற்றில் தெரியும் சின்ன வேறுபாட்டை வைத்தே எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே பிழைதிருத்தத்துக்கு உண்மையான கெடு கையெழுத்து நாள்தான், தாக்கல் நாள் அல்ல. 19ஆம் தேதி வாசகம் உறைகிறது. சனி, ஞாயிறு இயக்குநர் நிதானமாகப் படிக்கிறார். 22ஆம் தேதி அவர் சந்தேகங்களைச் சொல்ல, திருத்தங்கள் பங்குதாரர் வழியாக மட்டும் ஏறுகின்றன. 23ஆம் தேதி கையெழுத்து.

இனி யாருக்கு எந்தப் பொறுப்பு என்பது. “எல்லோரும் ஒரு முறை பாருங்கள்” என்று மட்டும் சொன்னால், அடுத்தவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். நல்ல செய்தி பிழைகளை வகை பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும்.

“மனுவை எழுதியவர் தன் மனுவைச் சரிபார்க்க வேண்டாம். தொகைகளையும் தேதிகளையும் இளைய வழக்கறிஞர்கள் இருவர் சேர்ந்து பார்க்கவும். ஒருவர் நடுவர் தீர்ப்பை உரக்க வாசிக்க, மற்றவர் மனுவில் விரல் வைத்துத் தொடர வேண்டும்.”

எழுதியவரின் கண் தான் எழுத நினைத்ததையே படிக்கும். ரூ.4,36,50,000 என்ற தொகை ரூ.4,63,50,000 என்று ஏறியிருந்தால் அவருக்கு அது தெரியாது. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் காட்டாது. எண்களை ஒவ்வோர் இலக்கமாக, நான்கு, மூன்று, ஆறு என்று குரலில் சொன்னால்தான் இடமாற்றம் காதில் உறுத்தும். கட்சிக்காரர் பெயருக்கும் இதே முறைதான். தீர்ப்பில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்றிருக்க மனுவில் ‘லிமிடெட்’ மட்டும் வந்தால், சட்டப்படி அது வேறு நிறுவனம்.

மனுவுக்குள் இருக்கும் சுட்டுகள் இன்னொருவர் பொறுப்பு. “மேலே 14ஆம் பத்தியில் சொன்னபடி” என்று எழுதியபின் 9ஆம் பத்தியை நீக்கினால், சுட்டிய செய்தி 13ஆம் பத்திக்குப் போய்விடும். அதேபோல், உயர் நீதிமன்ற வளாகத்தில் ‘டைப்டு செட்’ என்று சொல்லும் ஆவணத் தொகுப்பில் ஒரு கடிதம் கூடுதலாகச் சேர்ந்தால், அதன்பின் வரும் எல்லாப் பக்க எண்களும் நகரும். நீதிபதி 112ஆம் பக்கத்தைத் திருப்பும்போது அங்கே வேறு ஏதோ இருக்கும். வாதம் பாதியில் அறுந்துபோகும். ஆகவே தொகுப்புக்குப் பக்க எண் போட்டு முடித்த பிறகுதான் இந்தச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். முன்னதாகச் செய்தால் அந்த உழைப்பு வீண்.

பங்குதாரர் தனக்கென்று வைத்துக்கொண்டது இரண்டு: ரத்து கோரும் காரணங்களும், கடைசியில் வரும் வேண்டுதலும். காலக்கெடு கடந்தபின் புதிய காரணங்களைச் சேர்ப்பது கடினம். மிகவும் தனித்தன்மையான சூழலில் நீதி கோரினால் மட்டுமே அதற்கு அனுமதிக்கலாம் என்று 2010இல் மகாராஷ்டிர அரசு - இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தவறான எழுத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். விடுபட்ட காரணத்துக்கு அந்த உறுதி இல்லை. முந்தைய வரைவில் இருந்த காரணம் ஏதாவது வெட்டி ஒட்டும்போது காணாமல் போயிற்றா என்று பழைய வரைவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரே பார்க்கிறார். இந்த வேலையை இளையவர்களிடம் தள்ளிவிடும் மூத்தவர்களும் உண்டு. அது தவறு என்பதே என் எண்ணம். எது விடுபடக் கூடாது என்று தெரிந்தவர்தான் விடுபட்டதையும் காண முடியும்.

செய்தியின் கடைசிப் பத்தி அலுவலகக் குமாஸ்தாவுக்கு. வக்காலத்து, நீதிமன்றக் கட்டணம், நடுவர் தீர்ப்பின் நகல், எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து ஆகியவை இருக்கின்றனவா என்று அவர் பார்க்க வேண்டும். தீர்ப்பு நகலே இணைக்காமல் போட்ட மனு, சட்டத்தின் கண்ணில் தாக்கல் ஆகாத மனு என்று 2025இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. சிறு குறைகளுக்குப் பதிவகம் மனுவைத் திருப்பி அனுப்பும். சரிசெய்து மறுபடி கொடுக்கலாம். 24ஆம் தேதி தாக்கல் செய்த மனு 26ஆம் தேதி திரும்பி வந்தால், குறிப்பைப் படித்துத் திருத்தி, தேவைப்பட்டால் இயக்குநரிடம் மறுபடி கையெழுத்து வாங்கவும் அக்டோபர் 7 வரை நேரம் இருக்கிறது. திரும்பி வரும் மனுவை அன்றே வாங்கி வந்து, என்ன குறை என்று மாலைக்குள் குழுவுக்குத் தெரிவிப்பதும் குமாஸ்தாவின் பொறுப்பு என்று அந்தச் செய்தியில் எழுதியிருக்கிறது.