ஒரே அழுத்தில் ஒரு சொல்

ஸ்டெனோடைப் எனப்படும் சுருக்கெழுத்து எந்திரத்தில் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவதில்லை. ஒரு சொல்லின் ஓசைக்கு வேண்டிய விசைகளை எல்லாம் சேர்த்து அழுத்தி, விரல்களை ஒன்றாக எடுக்கிறார்கள். கடைசி விரல் எழும்பிய பிறகுதான் எந்திரம் அதை ஓர் அழுத்தாகப் பதிவுசெய்கிறது. எந்த விரல் முந்தியது, எது பிந்தியது என்பது கணக்கில் இல்லை.

இன்று அமெரிக்காவில் புழங்கும் விசையமைப்பு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்ற நிருபரான வார்டு ஸ்டோன் அயர்லாந்து உருவாக்கிய எந்திரத்தின் வழி வந்தது. 22 விசைகளும், எண்களுக்கென்று மேலே ஒரு பட்டையும் இதில் உண்டு. இடக்கை விரல்களுக்குச் சொல்லின் தொடக்க மெய்கள், இரண்டு கட்டைவிரல்களுக்கு உயிர்கள், வலக்கை விரல்களுக்கு இறுதி மெய்கள் என்று பகுத்திருக்கிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்தால் ஓர் அசை முழுதாகக் கிடைத்துவிடும்.

இடக்கைப் பக்கம் ஏழே மெய்கள்தான்: `S T K P W H R`. மற்றவற்றைக் கூட்டுவிசைகளால் உண்டாக்க வேண்டும். `dog` என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வரும் D-க்குத் தனி விசை கிடையாது. T-யும் K-யும் சேர்ந்தால் D. இவ்விரண்டும் மேலும் கீழுமாக ஒட்டி இருப்பதால், இடக்கை மோதிரவிரலை நடுக்கோட்டில் வைத்து அழுத்தினாலே இரண்டும் இறங்கும். இடது கட்டைவிரல் O-வையும் வலக்கை மோதிரவிரல் G-யையும் அழுத்த, பதிவாவது `TKOG`. மூன்று விரல்கள், ஒரே அழுத்து. கணினி தன் அகராதியில் `TKOG` என்ற பதிவைத் தேடி `dog` என்று திரையில் காட்டுகிறது.

வேகத்தின் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விசைகளைச் சேர்த்து அழுத்துவதால் மட்டும் வேகம் வந்துவிடாது. டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968-இல் தம் புகழ்பெற்ற கணினி விளக்கத்தில் ஐந்து விசைக் கூட்டுப்பலகை ஒன்றைக் காட்டினார். அதில் ஓர் அழுத்துக்கு ஓர் எழுத்துதான் கிடைத்தது; ஒரு கையை வேறு வேலைக்கு விடுவித்ததே அதன் பயன். ஸ்டெனோடைப்பில் ஓர் அழுத்துக்கு ஓர் அசை, பல சமயம் ஒரு முழுச்சொல், சில சமயம் ஒரு தொடரே கிடைக்கிறது. `TPH-T` என்ற ஒரே அழுத்து `in the` ஆகிறது. அமெரிக்க நீதிமன்ற நிருபர்களின் தேசியச் சங்கம் நடத்தும் தேர்வில், சாட்சியக் கேள்வி பதில்களை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில், 95 சதவீதத் துல்லியத்தோடு எடுக்க வேண்டும். சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று வைத்தால், சாதாரண விசைப்பலகையில் நொடிக்குச் சுமார் 19 தட்டுகள் தேவைப்படும். பெரும்பாலோருக்கு ஆகாத காரியம். சொல்லுக்கு ஓர் அழுத்து என்றால் நொடிக்கு நான்குக்கும் குறைவு. மார்க் கிஸ்லிங்பரி நிமிடத்துக்கு 360 சொல் எடுத்துக் கின்னஸ் சாதனை படைத்ததும் இந்த முறையில்தான்.

ஓசையை எழுதுவதால் சிக்கல்களும் உண்டு. `right`, `write` இரண்டும் காதில் ஒன்றே. முன்னதற்கு `RAOEUT`, பின்னதற்கு ஒரு W கூட்டி `WRAOEUT` என்று கைகள் பழக வேண்டும். சொல் எங்கே முடிகிறது என்பது இன்னொரு சிக்கல். `KAR` அழுத்தியதும் திரையில் `car` வரும். அடுத்து `PET` அழுத்தினால், `KAR/PET` என்ற நீண்ட பதிவு அகராதியில் இருக்கும்போது மென்பொருள் முன்னதை அழித்து `carpet` என்று மாற்றிவிடும். அவசரத்தில் விரல்கள் முழுதாக எழும்பும் முன் அடுத்த அழுத்து இறங்கினால், இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகும். அப்படிப்பட்ட கலவை அகராதியில் இல்லாவிட்டால் `TKOG` போன்ற மூல எழுத்துகளே திரையில் நிற்கும். பிழை உடனே கண்ணில் படும், நடுவிலுள்ள `*` விசையைத் தட்டி நீக்கிவிடலாம். தற்செயலாக வேறொரு சொல்லோடு பொருந்திவிட்டால்தான் ஆபத்து. படித்துப் பார்த்தாலொழிய அது தெரியாது. ஆகவே தேர்ந்த நிருபர்கள் தங்கள் அகராதியை ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொருவர் அகராதியோடு அவர்களால் அதே வேகத்தில் எழுத முடியாது.

அமெரிக்க நீதிமன்றங்களிலும், வழக்கறிஞர் அலுவலகங்களில் நடக்கும் வாக்குமூலப் பதிவுகளிலும் இவ்வெந்திரம் அன்றாடக் கருவி. தொலைக்காட்சி நேரலைக்கு வசனவரி தருபவர்களும், காது கேளாத மாணவருக்காக வகுப்பில் ஆசிரியர் பேசுவதை அப்போதைக்கப்போது திரையில் எழுதித் தருபவர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். அந்த மாணவர் பாடத்தோடு கூடவே செல்ல வேண்டும் என்பதால், அங்கே பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. தொழில்முறை எந்திரங்கள் விலை மிகுந்தவை. அத்தகைய வசனவரித் தொழிலில் இருந்த மிராபாய் நைட், நிரலாளர் ஜோஷ் லிஃப்டனுடன் சேர்ந்து `Plover` என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார். பல விசைகளை ஒருசேர உணரக்கூடிய சாதாரண விசைப்பலகை இருந்தாலே அதில் பழகலாம். மலிவான பலகைகள் பலவற்றில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒன்றிரண்டு பதிவாகாமல் போகும். வாங்குமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.