கடலைக்கு அடுத்த தண்ணீர் எந்தத் தேதியில்?

பயிற்சிக் கூட்டம் நடந்த அறையின் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பலரும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் டியூப்லைட் வெளிச்சம் ஒரு வரிசையை விழுங்கியிருக்கும். கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்பு படத்துக்குள் வந்திருக்காது. அந்தப் படம் கைபேசியிலேயே கிடக்க, தண்ணீர் மட்டும் பழையபடி ‘எட்டு நாளைக்கு ஒரு தடவை’ பாயும்.

அந்தப் படத்தையும், விவசாயி கையில் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டையும் சேர்த்துவைத்தால் அடுத்த தண்ணீர் எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிட முடியும். செம்மண் பூமியில் ஒரு ஏக்கர் நிலக்கடலையை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 105 நாள் ரகம், ஜனவரி 10 விதைப்பு, கிணற்றுப் பாசனம், பாத்தி கட்டிய நிலம்.

அட்டவணையில் நான்கு வரிசைகள். முதல் 20 நாளுக்குத் தினம் 2 மி.மீ., மொத்தம் 40. அடுத்த 25 நாளுக்குத் தினம் 4, மொத்தம் 100. மூன்றாவது வரிசை 46 முதல் 85-ஆம் நாள் வரை, பயிர் அதிகமாகத் தண்ணீர் கேட்கும் காலம். படத்தில் அங்கேதான் வெளிச்சம் அடித்திருக்கிறது. எண் 6.0 என்றும் தெரிகிறது, 8.0 என்றும் தெரிகிறது. கடைசி 20 நாளுக்குத் தினம் 4, மொத்தம் 80. எல்லாம் சேர்த்து 460 என்று அடியில் இருக்கிறது.

எந்த எண் சரி என்று ஊகிக்க வேண்டியதில்லை. மூன்றாவது வரிசை 40 நாள். எட்டு என்றால் 320 வரும், கூட்டுத்தொகை 540-ஆகிவிடும். ஆறு என்றால் 240, கூட்டினால் சரியாக 460. ஆக, ஆறுதான். படத்திலிருந்து எண்களை நோட்டில் எழுதும்போது நாளையும் அளவையும் பெருக்கி, கூட்டி, அடியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டும். புள்ளி அழிந்து 4.0 என்பது 40-ஆகத் தெரிந்தாலும் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு எந்த அலகில் இருக்கிறது என்பதும் முக்கியம். மில்லிமீட்டர் என்பது மழையை அளப்பது போன்ற ஆழக் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 4,047 லிட்டர். தலைப்பில் ‘தினம்’ என்று இருக்கிறதா, ‘பருவம் முழுக்க’ என்று இருக்கிறதா, பயிர் குடிக்கும் அளவு மட்டுமா, வாய்க்காலில் வீணாவதும் சேர்ந்ததா என்று பார்க்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது. அதனால் படம் எடுக்கும்போது தலைப்பும் அடிக்குறிப்பும் விழுமாறு இன்னொரு படமும் எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த எண்கள் வந்த வழியும் தெரிந்திருக்க வேண்டும். வெயில், காற்று, ஈரப்பதத்தை வைத்து, புல் மூடிய தரை ஒரு நாளில் எவ்வளவு தண்ணீரை ஆவியாக விடும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். அதைப் பயிரின் வளர்ச்சிக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட கையேட்டில் நிலக்கடலைக்கு அந்த எண் இளம் பருவத்தில் 0.4, செடி தரையை மூடிய பின் 1.15, முதிரும்போது 0.6. வெயில் மாறினால் விடையும் மாறும். ஆகவே தை விதைப்புக்குப் போட்ட அட்டவணையை ஆடிப் பட்டத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது நோட்டுக்கு வருவோம். பலருடைய நோட்டில் விதை, உரம், ஆள் கூலி எல்லாம் தேதியோடு இருக்கும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் ‘மோட்டார் போட்டது’, ‘நல்ல மழை’ என்று இருக்கும். ‘ஒரு உழவு மழை’ என்பது ஏர் பூட்டுகிறவருக்குப் பொருத்தமான சொல். அதை மில்லிமீட்டரிலிருந்து கழிக்க முடியாது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, மழை விட்டதும் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் போதும். ஒரு சென்டிமீட்டர் நின்றிருந்தால் 10 மி.மீ. மழை.

மோட்டாருக்கும் அதேபோல ஓர் அளவு வேண்டும். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பார்க்க வேண்டும். நம் கணக்கில் 40 நொடி. அப்படியானால் நொடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர்.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைக்கும்? மணல் கலந்த செம்மண், ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடி எடுக்கக்கூடிய தண்ணீராக ஏறக்குறைய 120 மி.மீ. வைத்திருக்கும். பூத்து விழுது இறங்கும் காலத்தில் வேர் 60 செ.மீ. வரை போயிருந்தால் அந்த ஆழத்தில் 72 மி.மீ. இருக்கும். அதில் பாதி, அதாவது 36 மி.மீ. தீர்வதற்குள் மறுபடி தண்ணீர் கொடுத்துவிட்டால் கடலைச் செடி வாட்டம் காணாது. தினம் 6 வீதம் செலவானால் 36 தீர ஆறு நாள். இளம் செடிக்கு இந்த எல்லை பொருந்தாது. வேர் 25 செ.மீ. மட்டுமே இருக்கும்போது 15 மி.மீ. தீர்ந்தாலே தண்ணீர் கட்ட வேண்டும்.

மீதி எல்லாம் கடைக்காரரின் பற்று வரவு போலத்தான். தண்ணீர் கட்டிய நாளில் பற்று சுழியம். அன்றிலிருந்து தினமும் ஆறு ஏறும். மழை பெய்தால் அந்த அளவு கழியும்.

ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் பாய்ச்ச மின்சார நேரம் போதாது என்பதால் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மேற்குப் பாதிக்கு மார்ச் 1, கிழக்குப் பாதிக்கு மார்ச் 2. மேற்குப் பாதியின் பற்று மார்ச் 2 மாலை 6, மறுநாள் 12, நான்காம் தேதி 18. ஐந்தாம் தேதி 24 ஆகியிருக்க வேண்டும். அன்று டப்பாவில் 10 மி.மீ. மழை. ஆக, பற்று 14. பிறகு 20, 26, எட்டாம் தேதி மாலை 32. ஒன்பதாம் தேதி விட்டுவிட்டால் மாலையில் 38 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். எனவே ஒன்பதாம் தேதி காலையில் மோட்டார் போட வேண்டும். கிழக்குப் பாதிக்கு இதே கணக்கு ஒரு நாள் தள்ளி வருகிறது: மார்ச் 10 காலை.

எத்தனை மணி நேரம்? அரை ஏக்கரில் 32 மி.மீ. என்றால் சுமார் 64,750 லிட்டர். குழாயில் வயல் வரை வந்தாலும் பாத்திப் பாசனத்தில் மேடு பள்ளத்திலும் வேருக்குக் கீழேயும் கொஞ்சம் போய்விடும். நூற்றில் எழுபது பங்கு வேருக்குச் சேர்கிறது என்று வைத்தால் 92,500 லிட்டர் இறைக்க வேண்டும். மணிக்கு 18,000 லிட்டர் வீதம் ஐந்து மணி பத்து நிமிடம். ‘எட்டு நாளைக்கு ஒரு தடவை’ என்று இருந்திருந்தால் மேற்குப் பாதிக்கும் இதே ஒன்பதாம் தேதிதான் வந்திருக்கும். ஆனால் அந்த ஒற்றுமைக்குக் காரணம் ஐந்தாம் தேதி மழை. மழை இல்லாத வாரத்தில் எட்டு நாள் காத்திருந்தால் பற்று 48 ஆகிவிடும்.

அது நடக்கக் கூடாத நேரம் இது. பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் காய் பிடிக்கும். மேல்மண் காய்ந்து இறுகியிருந்தால் விழுது மேலேயே கருகிவிடும். இறங்கிய காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து தருவதில்லை. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. 40, 45-ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது அதற்காகத்தான். அந்த மேல்மண்ணில் ஈரம் இல்லையென்றால் ஜிப்சம் மூட்டை மூட்டையாகப் போட்டாலும் உரிக்கும்போது பொக்குதான் கிடைக்கும்.

அட்டவணையை நோட்டு திருத்தும் இடமும் உண்டு. அட்டவணை 46-ஆம் நாளில் மூன்றாவது வரிசைக்குத் தாவச் சொல்கிறது. நோட்டில் ‘முதல் பூ’ என்ற குறிப்பு ஐந்து நாள் தாமதமாக விழுந்திருந்தால், பனிக் குளிரில் பயிர் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது வரிசையையும் ஐந்து நாள் தள்ளித்தான் தொடங்க வேண்டும். செடி வளர்ந்த அளவுக்குத்தான் குடிக்கும்.

‘மதியம் வாட்டம்’ என்ற குறிப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். உச்சி வெயிலில் கடலை இலை மடங்குவதும் மாலையில் நிமிர்வதும் வழக்கம். காலையிலேயே வாட்டம் இருந்தால்தான் மண்ணில் தண்ணீர் இல்லை. மேட்டுப் பாத்தி மட்டும் முதலில் வாடுகிறது என்று இரண்டு மூன்று தடவை எழுதியிருந்தால் கோளாறு கணக்கில் இல்லை, நிலச் சமத்தில் இருக்கிறது.

கணக்கு சரிதானா என்பதை மண்வெட்டி சொல்லும். பற்று 30-ஐத் தொட்டதும் ஒரு முழ ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். உருண்டை பிடித்து உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் பயிர் அட்டவணை சொன்னதைவிடக் குறைவாகக் குடிக்கிறது, ஒரு நாள் பொறுக்கலாம். பிடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் எல்லையை 36-லிருந்து 30-க்கு இறக்க வேண்டும். பாய்ச்சிய மறுநாளும் ஒரு தடவை தோண்ட வேண்டும். ஈரம் 60 செ.மீ. வரை போகாமல் பாதியில் நின்றிருந்தால், சுழியம் என்று எழுதியது பொய்.

அந்தப் பொய் பெரும்பாலும் ஏப்ரலில்தான் நுழைகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் தள்ளும் தண்ணீரும் குறையும். நோட்டில் ‘5 மணி நேரம்’ என்று மாறாமல் இருக்கும், வயலுக்குப் போனது குறைந்திருக்கும். 40 நொடியில் நிரம்பிய டிரம் 55 நொடி எடுத்தால் மணிக்கு 13,000 லிட்டர்தான். அதே 92,500 லிட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை டிரம்மை வைத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

கடைசி இருபது நாளில் தினம் நான்குதான். அப்போது பழைய ஆறையே பிடித்துக்கொண்டு பாய்ச்சினால், விதையுறக்கம் இல்லாத கொத்து ரகங்கள் காய்க்குள்ளேயே முளைத்துவிடும். ஒரேயடியாக நிறுத்தினாலும் மண் இறுகி, பிடுங்கும்போது காய் மண்ணுக்குள் தங்கிவிடும். காய்ச்சலில் முதிர்ந்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேரவும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த பட்டத்துக்கு நோட்டைத் திறக்கிறவர்கள் முதல் பக்கத்தில் நான்கு விவரங்களை எழுதிவிடுங்கள்: விதைத்த தேதி, படத்திலிருந்து கூட்டிச் சரிபார்த்த நான்கு வரிசை எண்கள், டிரம் நிரம்பிய நொடி, டப்பா வைத்த இடம். பற்றுக் கணக்கை உயிர்த் தண்ணீர் கட்டிய மாலையிலேயே தொடங்கிவிடலாம்.