மஞ்சள் கரு என்ன பாவம் செய்தது?

ஜிம்முக்குப் போகும் பலர் ஆறு முட்டையை அவித்து, மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு முட்டையின் 6 கிராம் புரதத்தில் ஏறக்குறைய 2.7 கிராம் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. வைட்டமின் டி-யும் அங்கேதான்.

பயம் கொலஸ்ட்ராலால். ஒரு முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் உண்டு, எல்லாமே மஞ்சளில். ஆனால் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. உணவில் கூடினால் பெரும்பாலோருக்கு அது தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். ரத்தத்தில் எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே ஆம்லெட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைப் பொரித்த வெண்ணெயைத்தான்!

உடற்பயிற்சி செய்யும் ஆரோக்கியமானவர் தினமும் ஒன்றிரண்டு முழு முட்டை சாப்பிடலாம். இரண்டு முழு முட்டையோடு மூன்று வெள்ளைக்கரு சேர்த்தால் சுமார் 23 கிராம் புரதம். சர்க்கரை நோயோ எல்டிஎல் அதிகமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவுசெய்யுங்கள்.