ஆள் சேர்ப்பும் ஆள் தேர்வும்

ஆள் சேர்ப்பு என்பது தகுதியுள்ளவர்களை விண்ணப்பிக்க வைப்பது. வந்தவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் கழிப்பது தேர்வு. ஐம்பது பேர் வந்தும் ஒருவரும் தேறவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நேர்காணலில் இல்லை, விளம்பரத்தில்தான்.

உள்ளிருப்பவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் அவர் திறமை முன்பே தெரியும். ஆனால் அவர் விட்ட இடம் காலியாகும். அந்தச் சங்கிலி கடைசியில் கீழ்மட்டத்தில் ஒரு வெளியாளிடம்தான் முடியும்.

வெளியாளுக்குச் செலவு அதிகம். அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்து வார்ட்டன் பேராசிரியர் மேத்யூ பிட்வெல் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியிலிருந்து வந்தவர்கள் பதவி உயர்வு பெற்றவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதல் சம்பளம் வாங்கினர். படிப்பும் முன்னனுபவமும் அவர்களுக்கே அதிகம். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்கள் பெற்ற பணி மதிப்பீடு குறைவாகவே இருந்தது.